பழைய டிவிக்கு ஸ்டிக்கா, பாக்ஸா? முதலில் டிவியைத் திருப்பிப் பாருங்கள்

"பழைய டிவியில் நெட்பிளிக்ஸ் போன்ற ஆப்களைப் பார்க்க ஸ்டிக் வாங்கட்டுமா, பாக்ஸ் வாங்கட்டுமா?" என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். டிவியைக் கொஞ்சம் திருப்பி, பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பாதிப் பேர் அதைச் செய்யாமல் எந்த மாடல் நல்லது என்றே மறுபடி கேட்பார்கள். ஆனால் பழைய டிவியைப் பொறுத்தவரை எதை வாங்கலாம் என்பதை அந்த முதுகுதான் சொல்லும். அங்கே தட்டையான எச்டிஎம்ஐ போர்ட் ஒன்று இருந்தால் உங்கள் கேள்வி சின்னது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் மட்டும் இருந்தால் அது வேறு கதை, இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த மாதிரி டிவி வைத்திருப்பவர்களுக்குத்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். வரிசையும் முக்கியம், ஏனென்றால் முதலாவதில் தோற்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

முதலில், படம் டிவிக்குள் போகுமா. எச்டிஎம்ஐ வழியாக வருவது டிஜிட்டல் சிக்னல், மஞ்சள் பின் வழியாகப் போவது அனலாக். ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறுமுனையில் மூன்று கலர் பின்னும் உள்ள வெறும் கேபிள் ஒன்று விற்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கும். உள்ளே சிப் எதுவும் இல்லை, வெறும் கம்பிதான். அதை வைத்து ஸ்டிக்கிலிருந்து பிக்சர் டியூப் வைத்த குண்டு டிவிக்குப் படம் வரவே வராது.

இரண்டாவது, ஆப்கள் ஒழுங்காக ஓடுமா, இன்னும் சில வருடம் ஓடுமா. கருவிக்கு கூகுள் சான்றோ அதைச் செய்த கம்பெனியின் அப்டேட்டோ இல்லையென்றால் அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மூன்றாவது, திரையில் வரும் எழுத்தைப் படிக்க முடியுமா. படம் ஓடும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். மெனுவில் எழுத்துக்கூட்டும்போதுதான் கஷ்டம் தெரியும்.

நான்காவது, எத்தனை சார்ஜர், எத்தனை வயர், எத்தனை ரிமோட். மறைந்திருக்கும் செலவெல்லாம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

## எச்டிஎம்ஐ இருக்கிறது: ஸ்டிக்

ஸ்மார்ட் வசதி வருவதற்கு முந்தைய தட்டை டிவிகளில் பெரும்பாலும் ஒரு எச்டிஎம்ஐயாவது இருக்கும். அப்படியானால் ஸ்டிக் வாங்குங்கள், பேச்சு முடிந்தது. அந்தக் காலத்து "எச்டி ரெடி" டிவிகளில் பேனல் பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள்தான், அதனால் 4கே ஸ்டிக் வாங்கினாலும் படம் கூடுதல் தெளிவாக வராது. ஆனால் 4கே மாடல்களில் மெமரியும் பிராசஸரும் பெரும்பாலும் ஒரு படி மேலே இருக்கும், மெனு தடுமாறாமல் ஓடும். அதற்காக வாங்கினால் நியாயம், படத்துக்காக வாங்கினால் வீண்.

ஸ்டிக்கோடு வருகிற சார்ஜரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, டிவியின் யுஎஸ்பி போர்ட்டில் வயரைச் சொருகுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. பழைய டிவியின் யுஎஸ்பி 0.5 ஆம்பியர் கொடுத்தால் பெரிய விஷயம், ஸ்டிக்குக்கு 1 ஆம்பியர் அளவில் வேண்டும். ஆரம்பத்தில் ஓடுவது போலத்தான் இருக்கும். அப்புறம் ஒரு எச்டி படம் போட்ட பத்தாவது நிமிடம் திரை கறுத்து, லோகோ வந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கும். வைஃபை சரியில்லை என்று ரூட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். போதாததற்கு, டிவியை அணைத்தால் பல செட்டுகளில் யுஎஸ்பியும் அணைந்துவிடும், ஒவ்வொரு முறையும் ஸ்டிக் புதிதாக பூட் ஆகும், இரவில் வரவேண்டிய அப்டேட்டும் வராது. சுவரில் சொருகுங்கள்.

இன்னொன்று, பெட்டியில் ஒரு சாண் நீளத்தில் சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். டிவியின் பின்னால் இருக்கும் உலோகத் தகடு வைஃபையைத் தடுக்கும். அந்த வயரில் ஸ்டிக்கைத் தொங்கவிட்டு ஓரமாக வெளியே இழுத்தாலே சிக்னல் ஏறுவதைப் பார்க்கலாம்.

படம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் டிவி கெட்டுப்போகவில்லை. ஸ்டிக் டால்பி ஒலியை அனுப்புகிறது, பழைய டிவிக்கு அது புரியவில்லை, அவ்வளவுதான். ஆடியோ செட்டிங்கில் PCM அல்லது ஸ்டீரியோ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

## எச்டிஎம்ஐ இருக்கிறது: பாக்ஸ்

இங்கே பாக்ஸ் எப்போது ஸ்டிக்கை விட நல்லது? வைஃபை எட்டாத அறை, ஆனால் ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுக்க முடியும் என்றால் பாக்ஸ். பென்டிரைவில் வீட்டு வீடியோக்கள் வைத்துப் பார்ப்பவர் என்றாலும் பாக்ஸ், ஏனென்றால் அதில் யுஎஸ்பி போர்ட் தனியாக இருக்கும். ஸ்டிக்கில் இந்த இரண்டையும் செய்ய ஓடிஜி வயர், லேன் அடாப்டர் என்று தனித்தனியாக வாங்க வேண்டும், டிவியின் பின்னால் ஒரு கொத்து தொங்கும். பாக்ஸுக்குள் இடம் அதிகம் என்பதால் சூடும் குறைவு. இந்த இரண்டு தேவையும் இல்லையென்றால் பாக்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு உங்கள் 768 வரி டிவியில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

## மஞ்சள் துளை மட்டும்: ஸ்டிக்கோடு கன்வர்ட்டர்

சரி, இப்போது குண்டு டிவிக்கு வருவோம். வீட்டில் மாமியார் அறையில் 21 அங்குல பிக்சர் டியூப் டிவி ஒன்று இருக்கிறது, படம் இன்னும் பளிச்சென்று வருகிறது, தூக்கிப்போட யாருக்கும் மனசு வரவில்லை. அதில் ஒரு ஸ்டிக்கை ஓடவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, அதில் மூன்று நாள் என் அசட்டுத்தனத்துக்கு.

முதல் நாள் தப்பு: கன்வர்ட்டர் தலைகீழ். இந்தக் கன்வர்ட்டர் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பா, ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் மூன்று கலர் துளை. பழைய வீடியோ பிளேயரைப் புது டிவியில் இணைப்பதற்கான டப்பாவும் அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். நான் வாங்கியது அது. நமக்கு வேண்டியதில் எச்டிஎம்ஐ பக்கம் "இன்", கலர் துளைப் பக்கம் "அவுட்" என்று இருக்க வேண்டும். மேலே எழுதியிருக்கும் பெயரை நம்பாமல் துளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள், எந்த முனையைத் திருப்பிச் சொருகினாலும் அந்த டப்பா எதிர்த்திசையில் வேலை செய்யாது.

சரியான டப்பா வந்தபின் வேலை இப்படித்தான் போனது. ஸ்டிக்கை முதலில் எச்டிஎம்ஐ உள்ள வேறொரு திரையில் சொருகி, வைஃபை, கணக்கு, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அங்கேயே முடித்தேன். இதைத் தவிர்க்காதீர்கள். குண்டு டிவியில் பாஸ்வேர்டு அடிக்கும்போது சிறிய எல்லுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கேயே வீடியோ அளவை "ஆட்டோ"விலிருந்து 720p-க்கு மாற்றி, ஆடியோவை PCM-க்கு மாற்றிவிட்டேன். ஃபயர் டிவி ஸ்டிக் என்றால் `Settings > Display & Sounds > Display > Video Resolution`. ஆட்டோவில் விட்டால் கன்வர்ட்டர் "எனக்கு இவ்வளவு பெரிய படம் வரைக்கும் முடியும்" என்று ஸ்டிக்கிடம் சொல்லும், ஸ்டிக் அதை நம்பி அனுப்பும், சில டப்பாக்கள் அதைச் சமாளிக்க முடியாமல் திரையைக் கறுப்பாக்கிவிடும். அப்படி மாட்டிக்கொண்டால் ஃபயர் டிவி ரிமோட்டில் மேல்நோக்கும் பட்டனையும் ரீவைண்ட் பட்டனையும் சேர்த்துப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், ஒவ்வொரு அளவாக மாற்றிக் காட்டும்.

அப்புறம் ஸ்டிக்கை நேரே கன்வர்ட்டரின் எச்டிஎம்ஐ துளையில் சொருகினேன், நடுவில் வயர் எதுவும் வேண்டாம். கன்வர்ட்டரிலிருந்து டிவிக்கு மூன்று கலர் வயர், அது டப்பாவோடு வராது, தனியாக வேண்டும். கன்வர்ட்டருக்கும் கரண்ட் வேண்டும், ஸ்டிக்குக்கும் கரண்ட் வேண்டும், இந்த டிவியிலோ யுஎஸ்பி என்ற ஒன்றே கிடையாது. ஆக இரண்டு சார்ஜர், டிவியின் பிளக்கையும் சேர்த்து மூன்று. ஸ்விட்ச் போர்டில் இரண்டு துளைதான் இருந்தது. ஸ்டிக் வாங்கும்போது யாரும் கணக்கில் எடுக்காத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்படித்தான் வீட்டுக்குள் வந்தது.

டிவியை ஏவிக்கு மாற்றியதும் படம் வந்தது. கறுப்பு வெள்ளையில்.

### கறுப்பு வெள்ளை, உருளல், இழுபட்ட முகம்

கன்வர்ட்டரின் பக்கவாட்டில் நகம் வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் பால், மறுபக்கம் என்டிஎஸ்சி. இரண்டும் கலரை வேறு வேறு விதமாக அனுப்பும் அனலாக் முறைகள். பால் முறையில் 625 வரி, விநாடிக்கு 25 படம். என்டிஎஸ்சியில் 525 வரி, ஏறக்குறைய 30 படம். டிவி எதிர்பார்ப்பதும் டப்பா அனுப்புவதும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் கலர் போகும். வேகமும் ஒத்துவரவில்லை என்றால் படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும். இரண்டுக்கும் மருந்து அந்த ஸ்விட்ச்தான். தள்ளிவிட்டு, கன்வர்ட்டரின் கரண்ட்டை ஒருமுறை பிடுங்கிச் சொருகுங்கள், சில டப்பாக்கள் அப்போதுதான் கவனிக்கும்.

கறுப்பு வெள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்சம் பிந்திய தட்டை டிவிகளில் மஞ்சள் துளையும் பச்சைத் துளையும் ஒன்றாகவே இருக்கும், பாதி மஞ்சள், பாதி பச்சை வளையம் போட்டிருப்பார்கள். டிவியின் மெனுவில் அந்தத் துளை "காம்போனென்ட்" என்று இருந்தால் மஞ்சள் வயரில் வரும் படம் கலர் இல்லாமல் தெரியும். இன்புட் பட்டியலில் "ஏவி"யைத் தேர்ந்தெடுத்தால் கலர் திரும்பிவிடும்.

கலர் வந்ததும் அடுத்தது கண்ணில் பட்டது எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாக இருப்பது. செய்தி வாசிப்பவர் முகம் பாகற்காய் மாதிரி. ஸ்டிக் அனுப்புவது 16க்கு 9 என்ற அகலப் படம், டிவி 4க்கு 3. கன்வர்ட்டர் அகலத்தை முக்கால் பங்காக அமுக்கித் திரை முழுக்க நிரப்பிவிடுகிறது. டிவியின் மெனுவில் 16:9 என்று ஒன்று இருந்தால் அதைப் போடுங்கள், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து முகம் சரியாகும். என் டிவியில் நல்லவேளை இருந்தது. அது இல்லையென்றால் பட விகிதத்துக்குத் தனி ஸ்விட்ச் உள்ள கன்வர்ட்டராகத் தேட வேண்டும், எல்லா டப்பாவிலும் அது கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் 4க்கு 3 அளவில் எடுத்தவைதானே, அவையாவது குண்டு டிவியில் முழுசாகத் தெரியும் என்று மாமியார் ஆசையாக உட்கார்ந்தார். தெரியாது. ஆப் அந்தப் படத்தை அகலச் சட்டத்துக்குள் வைத்து இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டு அனுப்புகிறது, டிவி அந்தச் சட்டத்துக்கு மேலும் கீழும் பட்டை போடுகிறது. அகலத்திலும் முக்கால், உயரத்திலும் முக்கால், ஆக மிச்சம் திரையில் 56 சதவீதம். 21 அங்குல டிவியின் நடுவில் 16 அங்குல ஜன்னல். பட்டையில்லாமல் பார்க்க வேண்டுமானால் டிவியில் ஜூம் இருக்க வேண்டும், எங்களுடையதில் இல்லை.

### எழுத்து, கறுப்புத் திரை

மஞ்சள் வயர் ஒரே கம்பியில் வெளிச்சத்தையும் கலரையும் சேர்த்துக் கொண்டுபோகிறது, அதனால் கலரின் ஓரங்கள் கசியும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் எழுத்தின் வலது பக்கம் சாயம் போன துணி மாதிரி இருக்கும். 720 வரியில் வந்த மெனு 576-க்குச் சுருங்கி, 16:9 போட்டபின் திரையின் முக்கால் உயரத்துக்குள்தான் நிற்கிறது. படத்தின் போஸ்டர்கள் அடையாளம் தெரியும், கீழே இருக்கும் சிறிய விவரம் படிக்க முடியாது. சப்டைட்டில் வைத்துப் பார்ப்பவராக இருந்தால் ஆப்பின் செட்டிங்கில் அதன் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். பிக்சர் டியூப் டிவி ஓரங்களைக் கொஞ்சம் வெட்டியும் விடும், ஸ்டிக்கில் திரை அளவைச் சரிசெய்யும் பக்கம் இருந்தால் நான்கு மூலை அம்புக்குறிகளும் தெரிகிறவரை உள்ளே இழுங்கள்.

பெரிய தலைவலி எச்டிசிபி. எச்டிஎம்ஐ வழியாகப் போகும் படத்தை யாரும் நகல் எடுத்துவிடாமல் இருக்கப் போடும் பூட்டு அது. எதிரில் இருக்கும் கருவி பூட்டுக்குச் சரியான பதில் சொன்னால்தான் ஆப் படத்தை விடும். நிறைய கன்வர்ட்டர்கள் பதில் சொல்லிவிடுகின்றன, சில சொல்வதில்லை. அறிகுறி தெளிவாக இருக்கும்: மெனு தெரியும், டிரெய்லர்கூட ஓடலாம், முழுப்படத்தைத் தொட்டால் மட்டும் சத்தம் வந்து திரை கறுப்பாக நிற்கும், இல்லையென்றால் ஏதாவது எர்ரர் எண் வரும். இலவச வீடியோ ஒன்று ஓடியதை வைத்து "வேலை செய்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், காசு கட்டிப் பார்க்கும் ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு படத்தை ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நான் வாங்கிய இரண்டாவது டப்பா இதில்தான் தோற்றது, மூன்றாவது ஜெயித்தது.

ஒரு சின்ன லாபமும் இருக்கிறது. இந்த டிவியில் எச்டி போனாலும் வீண் என்பதால் ஆப்களில் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். நெட்பிளிக்ஸ் கணக்குப்படி சாதாரணத் தரத்துக்கு மணிக்குச் சுமார் 1 ஜிபி, எச்டிக்கு 3 ஜிபி வரை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல மிச்சம்.

## மஞ்சள் துளை மட்டும்: ஏவி அவுட் உள்ள பாக்ஸ்

பேப்பரில் பார்த்தால் குண்டு டிவிக்கு இதுதான் சரியான வழி. பாக்ஸின் பின்னாலேயே ஏவி அவுட், நடுவில் கன்வர்ட்டர் இல்லை, எச்டிசிபி தகராறு இல்லை, ஒரே ஒரு சார்ஜர். என்ன பிரச்சினை என்றால் நல்ல பிராண்டுகளின் சான்று பெற்ற பாக்ஸ்களில் இந்த அவுட் இப்போது அரிதாகிவிட்டது. பின்னால் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் வட்டத் துளையைப் பார்த்து ஏமாறாதீர்கள், பல பாக்ஸ்களில் அது ஒலிக்கு மட்டும். "ஏவி" என்று எழுதியிருக்க வேண்டும்.

ஏவி என்று எழுதி, பெயர் தெரியாத கம்பெனியிலிருந்து மலிவாக வரும் ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் நிறைய உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் காரணம், அவற்றில் பெரும்பாலும் இருப்பது டிவிக்கான ஆண்ட்ராய்டு கிடையாது, போனுக்கானது. ஆப்களும் போன் ஆப்களே, ரிமோட்டில் ஒரு பட்டனைத் தட்டி மவுஸ் அம்பை வரவழைத்து அதை அங்குலம் அங்குலமாக நகர்த்தி "பிளே"யைத் தொட வேண்டும். மங்கலான திரையில் அந்த அம்பைத் தேடுவதே தனி வேலை. இரண்டாவது காரணம் இன்னும் மோசம். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற வைரஸ் வலையைப் பற்றி எச்சரித்தது. இந்த மாதிரி டிவி கருவிகளில் சில, கடையிலிருந்து வரும்போதே வைரஸோடு வந்து, வீட்டு இன்டர்நெட்டை வேறு யாரோ குற்றத்துக்குப் பயன்படுத்த வழிவிடுகின்றன. ஏற்கெனவே கையில் இருக்கும் பாக்ஸை சோதிக்க பிளே ஸ்டோரின் செட்டிங்கில் `Play Protect certification` என்ற இடத்தைப் பாருங்கள், சான்று இல்லை என்று வந்தால் அதில் பேங்க் கணக்கோடு சேர்ந்த மெயிலைப் போடாதீர்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று: சான்றில்லாத பாக்ஸில் காசு கட்டும் ஆப்கள் சாதாரணத் தரத்துக்கு மேல் கொடுக்காது என்று எல்லோரும் குறை சொல்வார்கள். மஞ்சள் வயரில் அதற்கு மேல் போகவே போகாது என்பதால் குண்டு டிவிக்கு அந்தக் குறை ஒட்டாது. மற்ற இரண்டும் ஒட்டும்.

பழைய பாக்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? ரோக்குவின் ஆரம்பகாலக் கருவிகளில் ஏவி அவுட் இருந்தது, நல்ல கருவிகள்தான். ஆனால் 2019 டிசம்பரில் அவற்றில் பலவற்றில் நெட்பிளிக்ஸ் நின்றுபோனது. கருவி பத்திரமாக இருக்கும், ஆப்தான் கைவிட்டுவிடும். வாங்கும் முன் விற்கிறவரிடம் உங்களுக்கு வேண்டிய ஆப் இன்று ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள்.

நடுவே நல்ல வழி ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. கேபிள், டிஷ், இன்டர்நெட் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளருக்குத் தரும் ஆண்ட்ராய்டு செட் டாப் பாக்ஸ்களில் சிலவற்றில் ஏவி அவுட்டும் இருக்கும், கூகுள் சான்றும் இருக்கும். உங்கள் நிறுவனம் அப்படி ஒன்று தருகிறதா என்று கேட்டுவிடுங்கள். சிக்கல் என்னவென்றால் இணைப்பை நிறுத்தினால் பாக்ஸ் பாதிக்கு மேல் செத்துவிடும், சில நிறுவனங்கள் அதைத் திருப்பியும் கேட்கும்.

ஏவி பாக்ஸ் கையில் வந்ததும் ஒரு வயர் சிக்கல் வரும். ஒரு முனையில் மூன்று கறுப்பு வளையம் உள்ள 3.5 பின், மறுமுனையில் மூன்று கலர். வெளியே பார்க்க எல்லா வயரும் ஒன்று போல இருக்கும், உள்ளே எந்த வளையத்தில் எது என்பது ஆளுக்கொரு விதம். பழைய வீடியோ கேமராவோடு வந்த வயரை சொருகினால் டிவியில் படம் இருக்காது, ஸ்பீக்கரில் "கிர்ர்" என்று ஒரு இரைச்சல் வரும். அந்த இரைச்சல்தான் படம், தப்பான துளையில் போகிறது. மஞ்சள் துளையில் சிவப்புப் பின்னைச் சொருகிப் பாருங்கள், பெரும்பாலும் படம் வந்துவிடும், மஞ்சள் பின்னை சிவப்புத் துளைக்குக் கொடுத்துவிடலாம். எப்படி மாற்றினாலும் இரைச்சலும் சுருண்ட படமும் மட்டுமே என்றால் கிரவுண்டே வேறு வளையத்தில் இருக்கிறது, அந்த வயர் இதற்கு ஆகாது. இன்னொன்று, பல பாக்ஸ்களில் எச்டிஎம்ஐ சொருகியிருந்தால் ஏவி வேலை செய்யாது. எச்டிஎம்ஐயைக் கழற்றிவிட்டு பாக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

## ஒரே பார்வையில்

| | எச்டிஎம்ஐ + ஸ்டிக் | எச்டிஎம்ஐ + பாக்ஸ் | ஏவி: ஸ்டிக் + கன்வர்ட்டர் | ஏவி: ஏவி அவுட் பாக்ஸ் |
|---|---|---|---|---|
| தனியாக வாங்க வேண்டியது | பெரும்பாலும் ஒன்றுமில்லை | எச்டிஎம்ஐ வயர் (சிலவற்றில்) | கன்வர்ட்டர், கலர் வயர், சார்ஜர் | பொருந்தும் வளையப் பின் வயர் |
| டிவி தவிர பிளக் | 1 | 1 | 2 | 1 |
| எழுத்துத் தெளிவு | நன்று | நன்று | மங்கல் | மங்கல் |
| காசு கட்டும் ஆப் | ஓடும் | சான்று இருந்தால் ஓடும் | கன்வர்ட்டரைப் பொறுத்தது | சான்றைப் பொறுத்தது |
| டிவி செத்தால் | அடுத்த டிவிக்குப் போகும் | அடுத்த டிவிக்குப் போகும் | ஸ்டிக் போகும், டப்பா வீண் | எச்டிஎம்ஐயும் இருந்தால் போகும் |
| யாருக்கு | பெரும்பாலானவர்களுக்கு | லேன் வயர், பென்டிரைவ் | நல்ல பாக்ஸ் கிடைக்காதவர்களுக்கு | நிறுவன பாக்ஸ் கிடைப்பவர்களுக்கு |

## பட்டியலில் அடங்காத டிவிகள்

பச்சை, நீலம், சிவப்பு என்று காம்போனென்ட் துளைகள் இருந்தால் மஞ்சளை மறந்துவிட்டு எச்டிஎம்ஐயிலிருந்து காம்போனென்டுக்கு மாற்றும் டப்பாவாகத் தேடுங்கள். அந்த வழியில் எச்டியும் போகும், எழுத்து படிக்கத் தெரியும். சிவப்பு இரண்டு இருக்கும், ஒன்று படத்துக்கு, ஒன்று ஒலிக்கு, குழம்பாதீர்கள். டிவிஐ போர்ட் உள்ள ஆரம்பகாலத் தட்டை டிவி என்றால் எச்டிஎம்ஐ டூ டிவிஐ வயரே போதும், கன்வர்ட்டர் வேண்டாம், ஆனால் ஒலிக்குத் தனி ஏற்பாடு வேண்டும், அந்த டிவிஐக்கு எச்டிசிபி தெரிந்திருக்கவும் வேண்டும். ஆன்டெனா துளை மட்டும் உள்ள டிவிக்கு கன்வர்ட்டருக்குப் பின்னால் ஆர்எஃப் மாடுலேட்டர் என்று இன்னொரு டப்பா வரும், படம் இன்னும் ஒரு படி இறங்கும். செய்ய முடியும் என்பதற்காக அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

## நானாக இருந்தால்

எச்டிஎம்ஐ இருந்தால் ஸ்டிக், லேன் வயர் தேவைப்பட்டால் மட்டும் பாக்ஸ். மஞ்சள் துளை மட்டும் என்றால் முதலில் இணைப்பு நிறுவனத்தின் பாக்ஸைக் கேட்பேன். அது இல்லாவிட்டால் ஸ்டிக்கும் கன்வர்ட்டரும், பால்/என்டிஎஸ்சி ஸ்விட்ச் உள்ளதாக, திருப்பிக் கொடுக்கக் கூடியதாக. பார்ப்பவர் சப்டைட்டிலை நம்பியிருக்கிறார், அல்லது கண் பார்வை மங்கல் என்றால் கன்வர்ட்டர் பக்கமே போகாமல், எச்டிஎம்ஐ உள்ள பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்றைத் தேடுவேன். அதில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் அறையில் கன்வர்ட்டர்தான் நிலைத்தது. டிவியும் ஸ்டிக்கும் ஒன்றையொன்று ஆன் செய்துகொள்ளும் எச்டிஎம்ஐ வசதி கன்வர்ட்டரைத் தாண்டி வராது என்பதால் அங்கே இரண்டு ரிமோட். ஸ்டிக் ரிமோட்டின் வால்யூம் பட்டனுக்கு அந்தப் பழைய டிவியின் பிராண்டைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் டிவி ரிமோட்டின் வால்யூம், பவர் இரண்டையும் விட்டு மற்ற பட்டன்கள் மேல் டேப் ஒட்டிவிட்டேன், ஏவி பட்டனைச் சேர்த்து. அந்தப் பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டு "படம் போயிடுச்சு" என்று கூப்பிடுவது அதோடு நின்றது.